சேச்சியிடம் நான் கேட்ட கேள்வி

பிரசவ விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது என்னுடைய பழைய புராஜெக்ட் முடிந்துபோயிருந்தது. குழு கலைந்து, ஆட்கள் வேறு வேறு மாடிகளுக்குப் போய்விட்டார்கள். புராஜெக்ட் இல்லாதவர்களை எங்கள் வேலையில் பெஞ்சில் இருப்பவர்கள் என்பார்கள். பெஞ்சில் கொஞ்ச காலம் சம்பளத்தோடு உட்காரலாம். அப்புறம் பெங்களூரிலோ புனேயிலோ ஆள் கேட்டால் போக வேண்டும். முடியாதென்றால் ராஜினாமா எழுதிக் கொடுக்க வேண்டும். என் கணவருக்கு இங்கே மாநில அரசு வேலை. ஊருக்குள்ளேயே கரமனையில் வாடகை வீடு. மகள் அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தாள். எனக்கு எங்கும் போக வழியில்லை.

அதனால் வெளிநாட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றின் வேலையில் ஓர் இடம் இருக்கிறது என்று மேனேஜர் சொன்னதும் யோசிக்காமல் தலையாட்டினேன். அந்த இடத்தில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். ஏழெட்டு வருடமாக அந்த வேலையைத் தனியாகப் பார்த்துவந்தவர். செலவு கூடுகிறது, சம்பளம் குறைந்த ஆளாகப் பார்த்துப் போடுங்கள் என்று கிளையண்ட் கேட்டிருந்தார்கள். சம்பளம் குறைந்த ஆள் நான். அவர் தமக்குத் தெரிந்ததையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு மார்ச் கடைசியில் விலகுவார் என்பது ஏற்பாடு. இந்தச் சொல்லிக் கொடுத்தலுக்கு நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர், சுருக்கமாகக் கேடி என்று பெயர். தினமும் ஒரு மணி நேரம், வகுப்பு மாதிரி. கடைசியில் ரிவர்ஸ் கேடி என்று ஒன்று உண்டு. கற்றுக்கொண்டவர் கிளையண்டின் முன்னால் எல்லாவற்றையும் திருப்பி விளக்க வேண்டும். அவர்கள் சரி என்றால்தான் இடம் உறுதி. இல்லையென்றால் மறுபடி பெஞ்ச்.

அலுவலகத்தில் எல்லோரும் அவரைச் சேச்சி, அதாவது அக்கா, என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். இதே ஊரில் வலியசாலைக்காரர். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், கிளையண்டிடம் இங்கிலீஷ். மூன்றையும் ஒரே வேகத்தில் பேசுவார். கணவர் வளைகுடாவில் இருந்தார். வீட்டில் அவரும் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளும் மட்டும். முதல் நாளே சொல்லிவிட்டார்: "எனக்கு மார்ச் வரைக்கும் வேணும், கேட்டியா. அவளுக்குப் பரீட்சை முடியணும். அப்புறம் என்னை எங்க வேணும்னாலும் தூக்கிப் போடட்டும்."

"உங்களை மார்ச் வரைக்கும் வெச்சுக்கறதாத்தானே சேச்சி சொன்னார் மேனேஜர்?"

"சொன்னார். வாயால சொன்னதாக்கும். எழுதித் தரலே."

ஒரே நாற்காலி, அதில் அவருக்கு மார்ச் வரை, பிறகு எனக்கு. இரண்டு பேருக்கும் போதும் என்றுதான் அன்று தோன்றியது.

முதல் சில வாரங்கள் நான் எப்படிக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. வேலை சொல்லும்போது எளிதாகத்தான் இருந்தது. பாலிசிதாரர்கள் பிரீமியத்தை வங்கியில் கட்டுகிறார்கள். வங்கி அன்றன்றைய வரவுகளை ஒரு கோப்பாக்கி அனுப்புகிறது. நம்முடைய புரோகிராம் அதைத் திறந்து ஒவ்வொரு வரவையும் அதற்குரிய பாலிசியில் ஏற்றுகிறது. இவ்வளவுதான். ஆனால் சேச்சி பேசப் பேச, திரைகள் மாற மாற, என் கவனம் அடிக்கடி கைப்பேசிக்குப் போகும். டே கேரிலிருந்து அழைப்பு வருமோ என்று. கவனம் திரும்பித் திரையைப் பார்த்தால் சேச்சி வேறு எங்கோ போயிருப்பார்.

ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் மேனேஜர் எட்டிப் பார்த்து, "ஏதெங்கிலும் டவுட்?" என்பார். நான் படித்த திருநெல்வேலிப் பள்ளியில் இதே கேள்விக்கு வகுப்பே சேர்ந்து "இல்லை டீச்சர்" என்று ராகம் போடும். சந்தேகம் கேட்கிறவள் கவனிக்காதவள் என்று அங்கே அர்த்தம். இங்கே நேர்மாறு. ஒன்றும் கேட்காதவள் கவனிக்காதவள். இதை நான் சீக்கிரமே தெரிந்துகொண்டேன். அதனால் வகுப்புக்கு முன்பே இரண்டு மூன்று கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு போவேன். கோப்பு தினமும் வருமா? விடுமுறை நாளிலும் வருமா? இதற்கு டாக்குமெண்ட் இருக்கிறதா? கேட்டுவிட்டு, பதிலைக் கேட்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன். கேள்வி கேட்டாகிவிட்டது என்ற நிம்மதியில் பதில் காதில் ஏறாது.

ஒரு மாதம் ஆனதும் மேனேஜர் ஒத்திகை வைத்தார். கிளையண்ட் இல்லை, நாங்கள் மூன்று பேர்தான். நான் எழுந்து நின்று சேச்சி சொன்னதையெல்லாம் அதே வரிசையில் சொன்னேன். நன்றாகச் சொல்கிறேன் என்றே நினைத்தேன். நடுவில் மேனேஜர், "பாலிசி நம்பர் தப்பா இருந்தா அந்தப் பணம் எங்கே போகும்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. சேச்சி சொன்னாரா என்பதே நினைவில்லை. "செக் பண்ணிச் சொல்றேன் சார்" என்றேன். அடுத்த கேள்விக்கும் அதேதான். அவர் மூன்றாவது கேட்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

கேண்டீனில் சேச்சி என் எதிரில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார். பூசணிக்காய் எரிசேரி வாசனை.

"ஏன் சேச்சி, நான் தேற மாட்டேனா?"

"பாரு, இதுவும் அதே மாதிரிதான் கேக்கறே."

"எந்த மாதிரி?"

"நான் ஆமான்னோ இல்லேன்னோ சொல்ற மாதிரி. மீட்டிங்ல ஒரு மாசமா நீ கேட்டது எல்லாத்துக்கும் நான் ஆமா, ஆமான்னு தலையை ஆட்டிண்டிருந்தேன். பூம்பூம் மாடு மாதிரி. அதுலேர்ந்து உனக்கு என்ன கிடைச்சுது?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் பார்த்துவிட்டு எரிசேரியை என் தட்டில் கொஞ்சம் தள்ளினார். "அழாதே, பெண்ணே. உப்புக் கூடிடும்" என்றார்.

அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே யோசித்தேன். எனக்கு என்ன தெரியாது என்பதே எனக்குத் தெரியவில்லை என்பதுதான் பிரச்சினை. தெரியாத இடம் தெரிந்தால்தானே அங்கே கேட்க முடியும்? மறுநாள் வகுப்புக்கு முன் கேள்வி எழுதுவதை விட்டுவிட்டு வேறொன்று செய்து பார்த்தேன். நானே ஒரு வரவாக என்னைக் கற்பனை செய்துகொண்டேன். வங்கியில் கட்டப்பட்டேன். கோப்பில் ஏறினேன். புரோகிராம் என்னைத் திறக்கிறது. என் பாலிசி எண்ணில் ஓர் இலக்கம் தப்பு. இப்போது நான் எங்கே போவேன்? தெரியவில்லை. சரி, அதுதான் இடம். ஆனால் அங்கேயும் உடனே கேட்காமல், என்னவாக இருக்கும் என்று முதலில் எழுதினேன். "முழுக் கோப்பும் நின்றுவிடும்." பிறகு கேட்டேன்.

"சேச்சி, பாலிசி நம்பர் தப்பா ஒரே ஒரு வரவு இருந்தா முழு ஃபைலும் நின்னுடும்னு நான் நினைக்கறேன். ஒண்ணுக்காக மத்தவா பணமும் ஏறாதுன்னு. சரியா?"

சேச்சி சுழல் நாற்காலியில் முழுவதுமாக என் பக்கம் திரும்பினார். "சரியில்லை. ஆனா ஏன் அப்படி நினைச்சே?"

கோப்பின் கடைசி வரியில் மொத்தத் தொகை இருக்கும், வரவுகளின் கூட்டல் அதோடு ஒத்துப்போகவில்லையென்றால் முழுக் கோப்பும் திருப்பப்படும் என்று அவர் சொல்லியிருந்தார். அதை இதோடு குழப்பிக்கொண்டிருந்தேன். அவர் சிரித்தார். ஒரு வரவு மட்டும் தப்பென்றால் அது சஸ்பென்ஸ் கணக்குக்குப் போகும், உரியவர் தெரியும் வரை அங்கேயே கிடக்கும், மற்றவை பாட்டுக்கு ஏறும். கூட்டல் தப்பென்றால்தான் எல்லாம் நிற்கும். ஒன்று ஆளைப் பற்றிய சந்தேகம், இன்னொன்று கோப்பைப் பற்றிய சந்தேகம். இந்த வித்தியாசம் அதற்குப் பிறகு எனக்கு மறக்கவே இல்லை. என் ஊகம் தப்பாக இருந்ததால்தான் அது மனதில் தங்கியது என்று நினைக்கிறேன். சரியாக இருந்திருந்தால் அவர் ஆமா என்றிருப்பார், நானும் நகர்ந்திருப்பேன்.

அப்புறம் எனக்கு ஒரு பித்துப் பிடித்த மாதிரி ஆயிற்று. இவ்வளவு புரிந்தது, இங்கே நிற்கிறேன், இப்படி இருக்கும் என்று நினைக்கிறேன், எங்கே தப்பு? இப்படியே கேட்டேன். சிலதைக் கேட்பதற்கு முன்பே சோதனை சர்வரில் ஓட்டிப் பார்த்துவிடுவேன். பாதிக் கேள்விகள் அங்கேயே தீர்ந்துவிடும். தீராததைத்தான் அவரிடம் கொண்டுபோவேன். ஒருநாள், "எல்லாம் சரியா ஓடினதுன்னு கம்ப்யூட்டர் சொல்றச்சேயும் உங்களுக்கு ஏதோ தப்புன்னு தோணியிருக்கா? எதைப் பாத்துத் தோணும்?" என்று கேட்டேன். சேச்சி கீபோர்டைத் தள்ளி வைத்தார். பிறகு, சஸ்பென்ஸ் கணக்கு ஒரு நாளில் வழக்கத்தைவிட ரொம்பக் குறைவாக இருந்தால் தனக்குப் பயமாக இருக்கும் என்றார். கூடினால் எல்லோரும் கவனிப்பார்கள். குறைந்தால் நல்லது என்று விட்டுவிடுவார்கள். ஆனால் பணம் யாரோ ஒருவரின் பாலிசியில் தப்பாக ஏறியிருக்கலாம். "இதை யாரும் எங்கிட்டக் கேட்டதில்லை" என்றார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஏழெட்டு வருடம் தனியாக ஒரு வேலையைப் பார்த்தவருக்கு, அதைப் பேச ஓர் ஆள் கிடைத்த சந்தோஷம்.

அந்த வாரங்கள்தான் எனக்கு அந்த அலுவலகத்தில் கிடைத்த நல்ல காலம். மதியம் அவர் டிபனும் என் டிபனும் கலந்துவிடும். என் மகளுக்கு ஜுரம் வந்து நான் வராத நாளின் வகுப்பையும் சேர்த்து மறுநாள் இரண்டு மணி நேரம் எடுத்தார். "என் பொண்ணு கெமிஸ்ட்ரில நீ கேக்கற மாதிரி கேட்டா நான் ராத்திரி நிம்மதியாத் தூங்குவேன். அவ வாயைத் திறக்க மாட்டேங்கறா" என்பார்.

நவம்பரில் ரிவர்ஸ் கேடிக்கு நாள் குறித்தார்கள். சேச்சி எனக்குச் சொன்னது இது: "எல்லாத்தையும் எங்கிட்டயே கேட்டுத் தீர்த்துடாதே. நல்லதா ஒண்ணு ரெண்டு மீட்டிங்குக்கு வெச்சுக்கோ. அந்தக் கிளையண்ட் மேடம் காதுல விழணும், நீ எவ்வளவு உள்ளே போயிருக்கேன்னு. திருப்பிச் சொல்றது யாராலயும் முடியும். கேக்கறதை வெச்சுத்தான் அவா ஆளை எடை போடுவா. மனஸ்ஸிலாச்சா?"

மீட்டிங்குக்கு முந்தின நாள் சேச்சி விடுப்பு. மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். நான் தனியாக உட்கார்ந்து, மறுபடியும் ஒரு வரவாக என்னை நினைத்துக்கொண்டு கோப்புக்குள் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சந்தேகம் வந்தது. வங்கி ஒரு கோப்பை அனுப்பிவிட்டு, பிறகு அதில் ஏதோ பிழை என்று திருத்தி மறுபடி அனுப்பினால்? திருத்திய கோப்புக்குப் புது எண் இருக்கும். பழைய கோப்பில் ஏற்கெனவே ஏறிய நல்ல வரவுகளும் அதில் இருக்கும். அவை இரண்டாம் முறை ஏறாமல் தடுப்பது எது? புரோகிராம் தடுக்கும் என்று எழுதிவிட்டுச் சோதனை சர்வரில் ஓட்டினேன். தடுக்கவில்லை. எல்லாம் இரண்டு முறை ஏறியது. கூட்டல் ஒத்துப்போனது, சஸ்பென்ஸில் ஒன்றும் இல்லை, எங்கும் தப்பில்லை என்று திரையில் எல்லாம் பச்சை.

நான் எங்கோ ஒரு படியை விட்டிருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். இத்தனை வருடம் ஓடுகிற ஒன்றில் இவ்வளவு பெரிய ஓட்டை இருக்காது. தடுப்பு வேறெங்கோ இருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. சேச்சிக்கு போன் செய்ய எடுத்தேன். பள்ளியில் இருப்பார். தவிர, இதுதான் அவர் சொன்ன நல்ல கேள்வி என்றும் பட்டது. மீட்டிங்குக்கு வைத்துக்கொள் என்றாரே. போனை வைத்துவிட்டேன். அதை இன்றைக்கு வரைக்கும் எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்துவிட்டேன். கூப்பிட்டிருந்தால் அவர் எடுத்திருப்பார். எடுத்திருந்தால் சொல்லியிருப்பாரா? தெரியவில்லை.

மீட்டிங் சாயங்காலம். அவர்களுக்கு அப்போதுதான் பகல். சின்ன அறையில் நானும் சேச்சியும் பக்கத்தில் பக்கத்தில், மேனேஜர் எதிரில். நடுவில் ஸ்பீக்கர். கிளையண்ட் மேடத்தின் குரல் மெதுவானது, ஒரு சொல்லையும் வீணாக்காதவர். நான் விளக்கினேன். இந்த முறை சேச்சியின் வரிசையில் இல்லை, ஒரு வரவு போகிற வழியில். இரண்டு இடத்தில் மேடம் குறுக்கே கேட்டார், இரண்டுக்கும் பதில் இருந்தது. மேசைக்கு அடியில் சேச்சி என் முழங்காலில் லேசாகத் தட்டினார்.

முடிவில் மேடம், உனக்குக் கேட்க ஏதாவது இருக்கிறதா என்றார். நான் கேட்டேன். திருத்திய கோப்பு புது எண்ணோடு வரும்போது, ஏற்கெனவே ஏறியவை மறுபடி ஏறாமல் எது தடுக்கிறது? புரோகிராம் தடுக்கும் என்று நினைத்து ஓட்டிப் பார்த்தேன், தடுக்கவில்லை, எனக்குத் தெரியாத ஒரு படி இருக்க வேண்டும், அது எங்கே இருக்கிறது?

லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து மேனேஜர் குனிந்து ஸ்பீக்கரைப் பார்த்தார். பிறகு மேடத்தின் குரல், இது யாருக்குத் தெரியும் என்றது.

என் முழங்காலருகே இருந்த கை எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை. சேச்சி முன்னால் நகர்ந்து பேசினார். நிதானமாக, ஒரு சொல் தடுக்காமல். அப்படித் திருத்திய கோப்பு எப்போதாவதுதான் வரும். வருவதற்கு முன் வங்கியிலிருந்து தனக்கு மெயில் வரும். தான் புரோகிராமை நிறுத்தி, ஏற்கெனவே ஏறியவற்றைக் கையால் எடுத்துவிட்டு ஓட்டுவது வழக்கம். இத்தனை வருடமும் அப்படித்தான்.

டாக்குமெண்டில் இருக்கிறதா என்று கேட்டார் மேடம்.

இல்லை.

வேறு யாருக்காவது தெரியுமா?

இல்லை.

மேனேஜர் என்னைப் பார்க்கவில்லை, சேச்சியையும் பார்க்கவில்லை, பேனா மூடியைப் பார்த்தார். மேடம் கோபப்படவில்லை. நன்றி என்றுதான் சொன்னார். இது எங்கள் ஆட்கள் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்றார். என் பெயரைச் சொல்லி, இதை நீயே சரிசெய்ய முடியுமா என்று கேட்டார். வங்கி ஒவ்வொரு வரவுக்கும் தருகிற எண்ணை வைத்து, அது ஏற்கெனவே ஏறியிருந்தால் தனியே ஒதுக்கிவிடலாம் என்று நான் சொன்னேன். பதில் தானாக வந்துவிட்டது. கேள்வி அவ்வளவு சரியாக இருந்தால் பதில் பாதி அதிலேயே இருக்கும் போல.

வெளியே வந்தோம். கம்பெனி வண்டி நிற்கிற இடத்தை நோக்கி நடந்தோம். மழை வருகிற மாதிரி இருந்தது.

"நன்னாக் கேட்டே" என்றார் சேச்சி.

"சேச்சி, எம்மேல கோவமா?"

அவர் நின்றார். "ஆமான்னா என்ன பண்ணுவே? இல்லேன்னா என்ன பண்ணுவே?"

அவர் வண்டியில் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டார். எனக்குப் பக்கத்தில் இடம் வைக்கவில்லை. அதற்குக் கோபம் காரணமாக இருக்க வேண்டும் என்றில்லை. அங்கே அவருடைய பை இருந்தது.

வேண்டுமென்றேதான் சொல்லாமல் வைத்திருந்தாரா? அதை நான் இன்னும் முடிவு செய்யவில்லை. எப்போதாவது வருகிற ஒன்று, கை தன்னால் செய்துவிடுகிற ஒன்று, சொல்ல நினைவு வராமல் இருந்திருக்கலாம். இல்லையென்றால், வாயால் சொன்ன மார்ச்சை நம்பாத ஒரு தாய், தன்னை அதுவரை அனுப்ப முடியாதபடி ஒரே ஒரு முடிச்சைக் கையில் வைத்திருந்திருக்கலாம். எனக்கு அப்படிப்பட்ட முடிச்சு ஒன்று இருந்திருந்தால் நான் வைத்திருக்க மாட்டேனா? வைத்திருப்பேன். என் மகளை நினைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருப்பேன்.

மறுநாள் அவர் அந்தப் படியை முழுவதுமாக எழுதிக் கொடுத்தார். நான் புரோகிராமில் தடுப்பை எழுதினேன். அவரே சோதித்தார், ஒரு பிழை கண்டுபிடித்தார், திருத்தினேன். வேலையில் அவர் ஒரு நாளும் குறை வைக்கவில்லை. டிபன் மட்டும் வேறு மேசைக்குப் போனது. அவருடைய பழைய சிநேகிதிகள் கூப்பிட்டார்களாம்.

டிசம்பர் தொடக்கத்தில் மேனேஜர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். கிளையண்டுக்கு உன்மேல் முழு நம்பிக்கை, அடுத்த மாதத்திலிருந்து ஒரே ஆளுக்குத்தான் பணம் தருவார்கள் என்றார் மலையாளத்தில். சந்தோஷச் செய்தி சொல்கிற முகம்.

"அப்போ சேச்சி?"

"பெங்களூர்ல ஒரு ஓப்பனிங் உண்டு. நல்ல புராஜெக்ட்."

"மார்ச் வரைன்னு சொல்லியிருந்தீங்களே சார்."

"மார்ச் வரைன்னு சொன்னது நீ ரெடியாக அவ்வளவு காலம் ஆகும்னு நினைச்சு. நீ சீக்கிரம் ரெடியாயிட்டியே" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனாலும் சேச்சியை மார்ச் வரை வைத்துக்கொள்ள வேண்டும் என்று அன்று நான் எழுதிக் கேட்டேன். இரட்டைச் சரிபார்ப்பு தேவை என்று காரணமும் சொன்னேன். கிளையண்டிடம் போய்வந்த பதில் மரியாதையாக, ஒரு வரியில் இருந்தது. தேவையில்லை என்று நீங்களே நிரூபித்துவிட்டீர்கள்.

என் கணவர், "நீ என்ன தப்புப் பண்ணினே? கேக்காம இருந்திருந்தா நாளைக்கு யாரோ ஒருத்தர் பணம் ரெண்டு தடவை ஏறியிருக்கும்" என்றார். அது சரிதான். சரி என்பது தெரிந்தும் ராத்திரி சாப்பிட முடியவில்லை. மகள் என் மடியில் உட்கார்ந்து என் தட்டிலிருந்து சோற்றை எடுத்து எனக்கே ஊட்டினாள்.

சேச்சி பெங்களூருக்குப் போனார். ராஜினாமா செய்திருக்கலாம், ஆனால் வளைகுடாவில் கணவரின் வேலை அப்போது உறுதியாக இல்லை என்று வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. மகளைக் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்த சித்தி வீட்டில் விட முடியாது, பள்ளி இங்கே. அதனால் பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு ஹாஸ்டலில் சேர்த்தார்கள். சொந்த ஊரிலேயே, வலியசாலை வீடு பூட்டிக் கிடக்க, அந்தப் பெண் ஹாஸ்டலில். கடைசி நாளில் சேச்சிக்கு கேக் வெட்டினார்கள். ஒரு துண்டு எடுத்து எனக்கும் தந்தார். "கொழந்தையைப் பாத்துக்கோ" என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று தேடினேன். இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த நாற்காலியில் இப்போது நான் இருக்கிறேன். சம்பளம் கூடியது. புதிதாக வந்தவர்கள் என்னிடம், மீட்டிங்கில் எப்படி இவ்வளவு தெளிவாகக் கேட்கிறீர்கள் என்கிறார்கள். சொல்லிக் கொடுக்கிறேன். முதலில் புரிந்ததைச் சொல், பிறகு நிற்கிற இடத்தைச் சொல், உன் ஊகத்தைச் சொல், தப்பானால் வெட்கப்படாதே. இவையெல்லாம் உண்மைதான், வேலை செய்யும். கேட்பதற்கு முன் அந்தப் பதில் யாரிடம் இருக்கிறது, அதைச் சொன்ன பிறகு அவர் என்ன ஆவார் என்று யோசி என்றும் ஒருமுறை சொல்லத் தொடங்கினேன். அந்தப் பெண் எழுதிக்கொள்ளக் காத்திருந்தாள். எப்படி முடிப்பது என்று தெரியாமல் நிறுத்திவிட்டேன். ஏனென்றால் யோசித்திருந்தால் நான் கேட்டிருப்பேனா, கேட்காமல் இருந்திருக்க வேண்டுமா என்பது எனக்கே தெரியாது.

ஜனவரியில் சேச்சிக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். எப்படி இருக்கிறீர்கள், வீடு கிடைத்ததா, பொண்ணு நன்றாகப் படிக்கிறாளா? நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. பிப்ரவரியில் இன்னொரு முறை. அதற்கும் இல்லை.

மார்ச்சில் காலாண்டு முடிவில் ஒரு கோப்பு நின்றுபோனது. கூட்டல் ஒத்துவரவில்லை. வங்கியில் தங்கள் பக்கம் சரி என்றார்கள். நான் எல்லாம் பார்த்துவிட்டேன், மதியம் ஆகிவிட்டது. வேறு வழியில்லாமல் சேச்சிக்கு எழுதினேன். நலம் விசாரிக்கவில்லை. இதுவரை பார்த்தவை இவை, இவை ஒத்துப்போகின்றன, இந்த இடத்தில் வித்தியாசம், ரத்தான வரவுகள் காலாண்டு முடிவில் மட்டும் கழித்தல் குறியோடு வருகின்றன, புரோகிராம் அதைக் கூட்டலாக எடுக்கிறது என்று நினைக்கிறேன், சரியா?

உடனே "டைப்பிங்" என்று வந்தது. நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நீளமாக, படி படியாக ஒரு பதில் வந்தது. என் ஊகம் பாதி சரி, மீதி எங்கே என்று காட்டியிருந்தார். எந்தத் திரையில் எதைப் பார்க்க வேண்டும், பார்த்தபின் எதை மாற்றவே கூடாது என்பதுவரை இருந்தது. ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை. அதன்படி செய்தேன். கோப்பு ஓடியது. நன்றி சேச்சி என்று எழுதினேன். நீல டிக்.

அன்றைக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. சாயங்காலம் கரமனையில் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, சீருடையில் நாலைந்து பெண்கள் ஸ்டாப்பில் நின்று வினாத்தாளை ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கெமிஸ்ட்ரி" என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. போனை எடுத்தேன். சேச்சியிடம், மகள் பரீட்சை எப்படி எழுதினாள் என்று மட்டும் கேட்கலாம் என்று தோன்றியது. எழுதினேன். படித்துப் பார்த்தேன். இந்தக் கேள்வியை அவரிடம் கேட்க எனக்கு என்ன உரிமை என்று தோன்றியது. அழித்துவிட்டு, என் மகளைக் கூட்டிக்கொள்ள டே கேருக்கு நடந்தேன்.